மருதங்கிளைக்குள்ளால ஒரு குளம்: முன்னுக்கு இலை வைச்சு எடுக்கிற படங்கள், கேள்வி பதில்

கிளிநொச்சி: இரணைமடுக் கட்டில நிண்டு தோணியை எடுத்தன், 50 மிமீ, f/8. முன்னுக்கு மருதங்கிளை. இலை மங்கேல்ல, குப்பை மாதிரி நிக்குது.

படத்தைப் பாத்தா இலை ஒரு மீற்றர் தள்ளி நிக்குது. அந்தத் தூரத்தில f/8 வைச்சா இலை அரைகுறையாத்தான் மங்கும். நரம்பு போயிடும், விளிம்பு நிக்கும், கண் அதிலேயே சிக்கும். f/1.8க்குத் திறந்து, இலை லென்ஸுக்கு 30 சென்ரிமீற்றரில வாறமாதிரி நீங்கள் கிட்டப் போங்கோ. தோணி தூரத்தில நிக்கிறபடியால், புல் ஃபிரேம் கமராவில விளிம்பு படத்தின்ர அகலத்தில எட்டிலொரு பங்களவுக்குக் கரைஞ்சு பரவும்.

போக்கஸ் புள்ளியை ஒண்டாக்கித் தோணியில வையுங்கோ, இல்லாட்டி கமரா இலையைப் பிடிச்சிடும். தனிக் குச்சி வேண்டாம். f/1.8இல லென்ஸ் வாய் 28 மிமீ அளவு, அதைவிட மெல்லிய குச்சி கிட்ட வந்தா அதுக்குப் பின்னால இருக்கிறதும் தெரியும், குச்சி வெறும் புகைதான். இலைக்கொத்து வேணும், அது நிழலில நிக்கவேணும். தோணி போற பக்கத்தைத் திறந்து விடுங்கோ. இலை ஓரத்தோட நிக்கட்டும். தோணிக்காரற்ற முகத்தில அந்த மங்கல் பட்டால் முகம் வெளிறிப்போகும்.

மாங்குளம்: போனால ஏலாதோ அண்ணை?

ஏலும் தம்பி. போன் லென்ஸின்ர வாய் சில மில்லிமீற்றர்தான், அதால இலை மூண்டு, நாலு சென்ரிமீற்றரில நிக்கவேணும். 1x கமராவை மட்டும் பாவியுங்கோ. சில போன்கள் கிட்ட ஒண்டைக் கண்டதும் தானா மக்ரோவுக்கு மாறும், அதை நிப்பாட்டுங்கோ. தூரத்து ஆளில விரலை அழுத்திப் பிடிச்சுப் போக்கஸைப் பூட்டுங்கோ.

வவுனியா: எல்லாம் f எண்தான். f/1.4 வாங்கினாச் சரி.

அரைவாசி சரி. f/2.8இல இருந்து f/1.4க்குப் போனா மங்கல் இரட்டிக்கும். இலையை 60 சென்ரிமீற்றரில இருந்து 30க்குக் கொண்டுவந்தாலும் இரட்டிக்கும், அதுக்குக் காசு போகாது.

புதுக்குடியிருப்பு: கிளையை முறிச்சு ஒராள் பிடிச்சு நிக்க எடுக்கிறது பொய்ப்படம்.

செய்திப் படமெண்டா உங்களோட நிக்கிறன். அங்க இல்லாத இலையைக் கொண்டுபோய் வைக்கக்கூடாது.

முல்லைத்தீவு: கலியாணப் படத்தில மாவிலை பிடிச்சா ஆர் கேக்கிறது?

ஒருத்தரும் கேக்கமாட்டினம். ஆனா நந்திக்கடல் ஓரத்தில எடுத்த படத்துக்கு முன்னால மாவிலை மங்கினாலும் ஊர்ச்சனத்துக்கு உறுத்தும். இலை தெரியாட்டியும் அதின்ர அகலமும் பச்சையும் தெரியும். பச்சைக் கிளையை முறியாதேங்கோ, விழுந்ததை எடுங்கோ.

புதுக்குடியிருப்பு: அப்ப போட்டிக்கு அனுப்பேக்க சொல்லவேணுமோ?

நான் சொல்லுவன். முல்லைத்தீவார் வேண்டாமெண்டுவார். விதியை வாசிச்சு அனுப்புங்கோ.

துணுக்காய்: போனில எப்பிடி மங்க வைக்கிறது?

மேல மாங்குளத்துக்குச் சொன்னதை வாசியுங்கோ.

நெடுங்கேணி: தங்கச்சியின்ர முகம் பச்சை அடிச்சுப்போச்சு, கமரா பழுதோ?

பழுதில்லை அக்கா. வெயில் பட்ட இலையின்ர மங்கல் முகத்துக்கு மேல விழுந்திருக்கு. திரும்பவும் சொல்லுறன்: ஓரத்தோட நிக்கட்டும்.

ஒட்டுசுட்டான்: சோளகக் காத்துக்கு இலை ஆடுது.

தொடர்ச்சியா பத்துப் படம் அடியுங்கோ, இலை முகத்தை விட்டு விலகினதை எடுங்கோ. கண்ணிவெடிப் பலகை நிக்கிற பத்தைக்குள்ள மட்டும் கிளை தேடி இறங்காதேங்கோ.