பழைய அச்சுப் படங்களை ஓவியமாக்கும் முன் ஸ்கேன் செய்வது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பாக்ஸ் கேமராவில் எடுத்த 6×9 செ.மீ. அளவுள்ள குடும்பப் படம் ஒன்றை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து எண்ணெய் ஓவிய ஃபில்டரில் இட்டேன். முகங்கள் எல்லாம் கூழாகிவிட்டன. 4800 டிபிஐயில் எடுத்தால் சரியாகும் என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா?

படம் முழுவதற்கும் எத்தனை பிக்சல் கிடைக்கிறது என்பதைவிட ஒரு முகத்துக்கு எத்தனை கிடைக்கிறது என்பதே ஓவியமாக்கும்போது முக்கியம். உங்கள் படத்தில் பலர் வரிசையாக நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். அத்தகைய படத்தில் ஒரு தலையின் உயரம் சுமார் 6 மி.மீ. இருக்கும். 300 டிபிஐயில் அது ஏறத்தாழ 71 பிக்சல், 600இல் 142, 1200இல் 283. எழுபது பிக்சல் தலையில் ஒரு கண்ணுக்கு ஏழெட்டுப் பிக்சல்தான் கிடைக்கும் என்பதால், ஃபில்டரின் ஒரே தூரிகைக் கோடு அந்தக் கண்ணை முழுதாக விழுங்கிவிடும்.

பாக்ஸ் கேமராப் படங்கள் பெரும்பாலும் நெகட்டிவின் அளவிலேயே நேரடியாக அச்சிடப்பட்டவை. பெரிதாக்கி அச்சிட்ட படத்தைவிட அவற்றில் நுண்விவரம் கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால் 1200 வரை முயன்று பார்ப்பதில் பொருள் உண்டு. ஒரு முகத்தை மட்டும் 600இலும் 1200இலும் ஸ்கேன் செய்து, முதலாவதை இரு மடங்கு பெரிதாக்கி அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டாவதில் புருவமோ சேலைக்கரையோ தெளிவாகத் தெரிந்தால் 1200. காகிதத்தின் சொரசொரப்பு மட்டுமே கூடுதலாகத் தெரிந்தால் 600 போதும். அஞ்சலட்டை அளவுக்குப் பெரிதாக்கி அச்சிட்ட படங்களுக்கு 600ஐத் தாண்ட வேண்டிய தேவை எனக்கு அரிதாகவே ஏற்பட்டிருக்கிறது. 4800இல் எடுத்தால், அச்சில் இல்லாத விவரம் புதிதாக வந்துவிடாது. கோப்பும் காத்திருப்பும் மட்டுமே பெரிதாகும். ஸ்கேனரின் உண்மையான ஒளியியல் திறனுக்கு மேற்பட்ட எண்கள் எல்லாம் மென்பொருள் இடைநிரப்பிக் காட்டுபவை.

கேள்வி: ஓவியமாக்கிய பிறகு படம் முழுவதும் வெள்ளைத் திட்டுகளும் கறுப்புக் கீற்றுகளும் தெரிகின்றன. ஸ்கேன் செய்த படத்தில் இவை இவ்வளவு பெரிதாக இல்லையே?

அவை அதே தூசிதான். GIMP மென்பொருளின் Oilify ஃபில்டர் ஒவ்வொரு பிக்சலையும் சுற்றுவட்டாரத்தில் மிகுதியாக உள்ள நிறத்தால் மாற்றுகிறது. எனவே தூரிகை அளவைவிட மிகச் சிறிய தூசி மறைந்துவிடும்; அதைவிடச் சற்றுப் பெரிய தூசியோ கூர்மையான விளிம்புடைய திட்டாக உறுதிப்பட்டுவிடும். Cartoon ஃபில்டர் சுற்றுப்புறத்தைவிடக் கறுத்திருக்கும் இடங்களை மேலும் கறுப்பாக்குவது. ஸ்கேனரின் விளக்கு பக்கவாட்டிலிருந்து ஒளி பாய்ச்சுவதால் ஒவ்வொரு துகளுக்கும் மெல்லிய நிழல் ஒன்று விழுகிறது; ஃபில்டர் அந்த நிழலுக்கு மை தீட்டிவிடுகிறது. நீங்கள் காணும் கறுப்புக் கீற்றுகள் பெரும்பாலும் இவையே.

தூசி எங்கே இருக்கிறது என்பதை முதலில் கண்டறியுங்கள். படத்தை ஒருமுறை ஸ்கேன் செய்து, தலைகீழாகத் திருப்பி வைத்து மீண்டும் ஸ்கேன் செய்யுங்கள். இரண்டு கோப்புகளிலும் சட்டத்தின் அதே இடத்தில் நிற்கும் புள்ளி கண்ணாடியில் உள்ளது. படத்தோடு சேர்ந்து திரும்பிய புள்ளி அச்சில் உள்ளது. கண்ணாடியை மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். திரவம் தேவைப்பட்டால் துணியில் மட்டும் தெளிக்க வேண்டும். கண்ணாடியில் நேரடியாகத் தெளித்தால் ஓரத்தின் வழியே உள்ளே கசிந்து, உட்புறத்தில் துடைக்க முடியாத படலமாகத் தங்கிவிடும். அச்சை ரப்பர் ஊதியாலும் மிக மென்மையான தூரிகையாலும் மட்டுமே சுத்தம் செய்யுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது: படத்தைத் தாங்கியிருக்கும் ஜெலட்டின் நீர்பட்டால் ஊதிக் குழைந்துவிடும்.

மென்பொருளில் உள்ள தூசி நீக்கும் வசதியை நம்ப வேண்டாம். அகச்சிவப்பு ஒளியால் தூசியைப் பிரித்தறியும் முறை ஒளி ஊடுருவும் வண்ண ஃபிலிமுக்கு உரியது. காகித அச்சுக்கு எனச் சாதாரண ஸ்கேனர்கள் தருவது பெரும்பாலும் சிறு புள்ளிகளை மங்கலாக்கும் வேலை மட்டுமே. அதில் மூக்குத்தியும் கண்ணின் ஒளிப்புள்ளியும் சேர்ந்தே போகும். எஞ்சிய புள்ளிகளை Healing கருவியால், படத்தை 100 விழுக்காட்டு அளவில் வைத்து, ஃபில்டருக்கு முன்பே ஒவ்வொன்றாக அகற்றுங்கள். நேரம் குறைவு என்றால் முகம், கைகள், வெறுமையான பின்புலம் என்ற வரிசையில் செய்யுங்கள். மரக்கிளையிலும் பூப்போட்ட துணியிலும் உள்ள தூசியை ஓவியம் தானே மறைத்துக்கொள்ளும்.

கேள்வி: படத்தின் நான்கு ஓரமும் உட்புறமாகச் சுருண்டிருக்கின்றன. ஸ்கேனில் ஓரங்கள் மங்கியும் இருண்டும் வருகின்றன. இஸ்திரி போடலாமா?

கூடாது. வறண்ட காற்றில் ஜெலட்டின் அடுக்கு காகிதத்தைவிட மிகுதியாகச் சுருங்குவதால்தான் படம் தன் முகப்பை நோக்கிச் சுருள்கிறது. அந்த நிலையில் அது விறைத்திருக்கும்; எதிர்த்திசையில் வளைத்தால் குறுக்கே வெடிக்கும், அந்த வெடிப்பு ஓவியத்தில் அழுத்தமான கோடாக வந்து நிற்கும்.

சுருளல் சிறிதென்றால் படத்தை ஒன்றும் செய்யாமல் ஸ்கேனரை மாற்றிப் பாருங்கள். யுஎஸ்பி வழியாகவே மின்சாரம் பெறும் மெல்லிய ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிஐஎஸ் வகை. அவை கண்ணாடியைத் தொட்டிருக்கும் பரப்பை மட்டுமே கூர்மையாகக் காணும். லென்ஸும் கண்ணாடிகளும் கொண்ட தடித்த சிசிடி வகை, சில மில்லிமீட்டர் தூக்கியிருக்கும் ஓரத்தையும் ஓரளவு தெளிவாகப் பதிவுசெய்யும். மூடியின் மேல் ஒரு நடுத்தரப் புத்தகத்தை வைக்கும் எடைக்கு மேல் அழுத்தம் தர வேண்டாம்.

சுருளல் மிகுதியாக இருந்து, அச்சில் வெடிப்போ பூசணமோ இல்லையென்றால், ஈரப்பதமுள்ள மழைநாளில் ஏசி இல்லாத அறையில் சில மணி நேரம் திறந்து வையுங்கள். அது தானாகத் தளர்ந்த பின் இரு உறிஞ்சுதாள்களுக்கு நடுவே, தட்டையான பலகையும் புத்தகங்களும் ஏற்றிச் சில நாட்கள் விட்டுவிடுங்கள். கெட்டி அட்டையில் ஒட்டிய படத்துக்கும் சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்துக்கும் இது பொருந்தாது. அவற்றைக் கேமராவால் எடுப்பதே நல்லது. இருபுறமும் 45 பாகையில் ஒவ்வொரு விளக்கு, படத்துக்குச் செங்குத்தாக லென்ஸ், எஃப்/8 அளவில் துளை என்று அமைத்தால் வளைந்த ஓரமும் குவியத்துக்குள் வந்துவிடும். ஃபிளாஷ் வேண்டாம்.

கேள்வி: எண்பதுகளில் அச்சிட்ட வண்ணப் படங்களில் தேன்கூடு போன்ற மேற்பரப்பு உள்ளது. ஓவியத்தில் அது சாக்குத்துணி நெய்தது போலத் தெரிகிறது.

அந்த மேடுகளின் ஒரு பக்கத்தில் ஒளியும் மறுபக்கத்தில் நிழலும் விழுவதே காரணம். படத்தை ஒருமுறை நேராகவும் ஒருமுறை 180 பாகை திருப்பியும் ஸ்கேன் செய்து, இரண்டாவதை மென்பொருளில் நேராக்கி முதலாவதன் மேல் துல்லியமாகப் பொருத்தி, மேல் அடுக்கின் ஒளிபுகாமையை 50 விழுக்காடாக்குங்கள். ஒளியும் நிழலும் இடம் மாறியிருப்பதால் ஒன்றையொன்று பெருமளவு சமன் செய்துவிடும். பொருத்தம் ஒரு பிக்சல் பிசகினாலும் முகம் மங்கும் என்பதால் கண்களைப் பெரிதாக்கி வைத்தே சரிபாருங்கள்.

கேள்வி: கறுப்பு-வெள்ளைப் படத்தை எந்த முறையில் ஸ்கேன் செய்வது?

வண்ணத்தில், கூர்மையாக்கும் வசதியை அணைத்து, TIFF கோப்பாக. கூர்மையாக்கிய ஸ்கேனில் விளிம்புகளைச் சுற்றி வரும் வெளிறிய வளையத்தை ஃபில்டர் தனிக் கோடாக எடுத்துக்கொள்ளும்; ஜேபெக் சுருக்கத்தின் கட்டங்களுக்கும் அதே கதிதான். வண்ணத்தில் எடுப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. மஞ்சள் கறை நீல ஒளியை உறிஞ்சுவது. ஆகவே நீலச் சேனலில் அது கறுப்பாகத் தெரியும், சிவப்புச் சேனலிலோ ஏறக்குறைய மறைந்தே போகும். அந்தச் சிவப்புச் சேனலை மட்டும் பிரித்தெடுத்து ஓவியமாக்கினால், கறைக்காகத் தனியே செய்ய வேண்டிய திருத்தம் பெரும்பாலும் மிச்சமாகும்.