நான்கு ஆர்வக் குழுக்களா, ஒரே பரந்த குழுவா?

"யோகா விரிப்பு விற்கிறேன். மெட்டாவில் ஆர்வவாரியாக 4 விளம்பரத் தொகுப்புகள். ஒவ்வொன்றிலும் வாரம் 12 விற்பனை. எல்லாமே Learning limited என்று காட்டுகின்றன. ஆர்வங்களை எடுத்துவிடலாமா?"

வணக்கம். உங்கள் நிலையில் எடுத்துவிடலாம். யாருக்குக் காட்டினால் விற்பனையாகும் என்று அமைப்பு அறிந்துகொள்ளும் கற்றல் கட்டத்தை ஒரு விளம்பரத் தொகுப்பு கடக்க வாரத்துக்குச் சுமார் 50 விற்பனைகள் தேவை என்று மெட்டா கூறுகிறது. உங்களுக்குக் கிடைக்கும் 48 விற்பனைகளும் நான்காகச் சிதறிவிடுவதால், எந்தத் தொகுப்பும் வாங்குபவரின் இயல்பை அறியும் அளவுக்குத் தரவைப் பெறுவதில்லை. Learning limited என்பதன் பொருள் இதுதான்.

ஆர்வம் என்பது ஒருவரின் நடவடிக்கைகளை வைத்துச் செய்யப்படும் ஊகம் மட்டுமே. விற்பனையோ நேரடிச் சான்று. ஆகவே நான்கின் தொகையையும் ஒரே தொகுப்பில் சேர்த்து, இடத்தையும் குறைந்தபட்ச வயதையும் மட்டும் வரையறுத்து, இலக்கை Purchase என்றே வைத்து, ஒரு வாரம் எதையும் மாற்றாமல் விடுங்கள். அப்போது ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் பாதியை விளம்பரமே செய்யும் என்பதால், முழங்கால் வலிக்காத தடிமன், வழுக்காத பரப்பு எனத் தனித்தனிக் காரணங்களைப் பேசும் விளம்பரங்களை அதில் வையுங்கள்.

அதற்கு முன் Events Manager பக்கத்தில் பதிவான விற்பனைகளை உங்கள் கடைக் கணக்கோடு அவசியம் ஒப்பிடுங்கள். வாங்கியபின் வரும் நன்றிப் பக்கம் மீண்டும் திறக்கும்போதெல்லாம் ஒரு விற்பனை பதிவானால், அமைப்பு தவறான பாடத்தையே கற்கும். பழைய வாடிக்கையாளர்களையும் விலக்கிவிடுங்கள். இல்லையெனில் எப்படியும் வாங்கியிருப்பவர்களின் விற்பனையால் செலவு குறைந்ததுபோல் தோன்றும்.

விற்பனையே பதிவாகாத புதிய கணக்குக்கும், பல் மருத்துவக் கருவி போல மிகச் சிலரே வாங்கும் பொருளுக்கும் ஆர்வத் தேர்வையே நான் பரிந்துரைப்பேன்.