அதிரசம் எண்ணெயில் பிரிகிறதா? பாகைத் தொட்டுப் பாருங்கள்

"ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம்னு அளந்துதான் போட்டேன், எண்ணெயில் போட்டதும் அதிரசம் பிரிஞ்சு போகுது, ஏன்?"

அளவில் தப்பில்லை, பாகை இளசாக இறக்கியிருப்பீர்கள். எங்கள் அப்பத்தா வீட்டில் தராசே கிடையாது. எனக்குப் பத்து வயதிருக்கும், தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால், ஊறவைத்து வடித்து நிழலில் துணி மேல் பரப்பிய பச்சரிசியை ஒரு பிடி எடுத்து என்னை அமுக்கச் சொன்னார். கையில் தண்ணீர் படவில்லை, ஆனால் அரிசி உள்ளங்கையில் ஒட்டியது. "இப்ப இடிக்கலாம் தாயி."

அப்புறம் பாகு. கிண்ணத்துத் தண்ணீரில் விட்ட முதல் சொட்டு கரைந்து ஓடியது, இரண்டாவது விரலில் கூழாக வழுக்கியது, மூன்றாவதைக் கூட்டினால் திரண்டு வந்தது, உருட்டினால் உருண்டது, அமுக்கினால் நசுங்கியது. உடனே அடுப்பை விட்டு இறக்கிவிட்டார். நான் ஆசையாக இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும் என்றேன். "தட்டுல போட்டா டங்குன்னு கேக்கும், அப்புறம் அதிரசத்தை வச்சு சுவத்துல ஆணி அடி!"

சரி, உங்கள் மாவுக்கு வருவோம். பிரிகிற மாவில் ஈர அரிசிமாவு ஒரு கைப்பிடி பிசைந்து, ஒரு ராத்திரி மூடி வைத்துவிட்டு, மறுநாள் ஒன்றே ஒன்று தட்டி மிதமான தீயில் போட்டுப் பாருங்கள். இன்னும் ஓரம் பிரிந்தால் இன்னொரு கைப்பிடி.