பயிற்சிக் கணினிகள் எந்த வலையில் நிற்கின்றன?

கேள்வி: என் மடிக்கணினியில் 8 ஜிபி ரேம் இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸில் காளி லினக்ஸையும் மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2-ஐயும் நிறுவிவிட்டேன். வீட்டில் எல்லோரும் ஒரே வைஃபையைத்தான் பயன்படுத்துகிறோம். நான் தாக்குதல் பழகினால் மற்றவர்களின் கைபேசிக்கோ கணினிக்கோ ஆபத்து வருமா?

பதில்: வரலாம். ஆனால் அதைத் தீர்மானிப்பது ஒரே ஓர் அமைப்புதான். ஒவ்வொரு மெய்நிகர் கணினியின் `Settings` பகுதியில் `Network` என்பதைத் திறந்து, `Attached to` என்ற இடத்தில் என்ன தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

அங்கே `Bridged Adapter` என்று இருந்தால், மெட்டாஸ்ப்ளாய்டபிள் உங்கள் வைஃபையில் மற்றொரு கணினியாகவே சேர்ந்துவிடும். அது தாக்கிப் பழகுவதற்கென்றே வேண்டுமென்று ஓட்டைகளுடன் உருவாக்கப்பட்டது; 1524-ஆம் போர்ட்டில் கடவுச்சொல்லே கேட்காமல் முழு அதிகாரத்தையும் கொடுத்துவிடும். உங்கள் வைஃபையில் இணைந்திருக்கும் எவரும், எந்தத் தீநிரலும் அதற்குள் புகுந்து, அங்கிருந்து மற்றக் கருவிகளைத் தேடலாம். இவ்வளவு தெரிந்தும், இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று பார்க்க இதுவே எளிய வழி என்று பல பயிற்சி வகுப்புகள் முதல் நாளிலேயே இதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. தாக்குதலைக் கற்றுக்கொடுக்கும் அவசரத்தில் வலையமைப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூட மனமில்லாத பாடத்திட்டங்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

`NAT` இருந்தால் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது என்பது உண்மை. ஆனால் உள்ளிருந்து வெளியே போக முடியும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: தாக்கும் கணினியான காளியில் ஒரு முகவரியைத் தவறாகத் தட்டினால், உங்கள் ஸ்கேன் வீட்டு ரவுட்டரையே சென்றடையும். அதோடு இந்த அமைப்பில் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனி வலை கிடைப்பதால், இரண்டிலும் 10.0.2.15 என்ற ஒரே முகவரி தெரியும். அவை ஒன்றையொன்று காணா. இந்த இடத்தில்தான் பலரும் பொறுமையிழந்து `Bridged` பக்கம் போய்விடுகிறார்கள்.

உங்களுக்கு வேண்டியது `Internal Network`. இதில் மெய்நிகர் கணினிகள் ஒன்றையொன்று மட்டுமே காணும்; வீட்டு வைஃபைக்குப் போக வழியில்லை. இரண்டு கணினிகளிலும் இதையே தேர்ந்தெடுத்து, `Name` என்ற இடத்தில் `lab` என்று ஒரே பெயரைக் கொடுங்கள். இந்த வலையில் முகவரி தானாக வராது. கையால் கொடுக்க வேண்டும். முதலில் காளியில்:

```
sudo ip addr add 10.10.10.5/24 dev eth0
```

பிறகு மெட்டாஸ்ப்ளாய்டபிளில், பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டுக்கும் `msfadmin` கொடுத்து நுழைந்து:

```
sudo ifconfig eth0 10.10.10.6 netmask 255.255.255.0
```

மறுதொடக்கம் செய்தால் இவை அழிந்துவிடும். மீண்டும் கொடுக்க வேண்டும். சற்று நேரத்தில் காளியின் முகவரி மட்டும் மறைந்துபோனால், அதன் நெட்வொர்க் மேனேஜர் தானாக முகவரி தேடுகிறது என்று பொருள். இணைப்பின் `IPv4 Settings` பகுதியில் `Manual` என்று மாற்றி இதே முகவரியை எழுதிவிடுங்கள்.

தாக்குதலைத் தொடங்கும் முன் சோதனை ஒன்று கட்டாயம். காளியிலிருந்து `ping -c 3 10.10.10.6` கொடுத்தால் பதில் வர வேண்டும். உங்கள் ரவுட்டரின் முகவரிக்கு அதையே கொடுத்தால் `Network is unreachable` என்று வர வேண்டும். ரவுட்டரிடமிருந்து பதில் வந்தால் ஏதோ ஓர் அடாப்டர் இன்னும் வெளியே திறந்திருக்கிறது. அதை மூடும்வரை எதையும் இயக்காதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்ல வேண்டும். காளியைப் புதுப்பிக்க இணையம் தேவைப்படும். அதற்காக இரண்டாவது அடாப்டர் ஒன்றை நிரந்தரமாகச் சேர்க்க வேண்டாம். முன்பு சொன்ன தவறான முகவரி ஆபத்து அதன் வழியே திரும்பிவிடும். மெட்டாஸ்ப்ளாய்டபிளை அணைத்துவிட்டு, காளியை மட்டும் `NAT`-க்கு மாற்றி, நெட்வொர்க் மேனேஜரில் `Manual` வைத்திருந்தால் அதையும் தற்காலிகமாக `Automatic` ஆக்கிப் புதுப்பியுங்கள். முடிந்ததும் இரண்டையும் பழையபடி மாற்றி, மேலே சொன்ன சோதனையை மறுபடி செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள் பிடிக்கும். அந்தச் சோம்பலில்தான் பலர் அடாப்டரைத் திறந்தபடியே விட்டுவிடுகிறார்கள்.

'தயார் நிலை ஹேக்கிங் ஆய்வகம்' என்று யாரோ விற்கும் கோப்புகளை வாங்காதீர்கள். காளி லினக்ஸ் அதன் சொந்த இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. இடைத்தரகர் கொடுக்கும் கோப்பில் வேறென்ன சேர்த்திருக்கிறார் என்பதை உங்களால் கண்டுபிடிக்க இயலாது. அதிகாரப்பூர்வமாக இறக்கிய கோப்பிலும் `sha256sum` கட்டளை தரும் எண், தளத்தில் உள்ள எண்ணோடு எழுத்துக்கெழுத்து பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ரேமைப் பற்றிக் கவலை வேண்டாம். காளிக்கு 2 ஜிபி, மெட்டாஸ்ப்ளாய்டபிளுக்கு 512 எம்பி கொடுத்தால் போதும். தாக்கும் முன் இரண்டுக்கும் ஒரு `Snapshot` எடுத்து வையுங்கள்; பழுதானால் அந்த நிலைக்கே திரும்பலாம். தாக்கிய பிறகு மெட்டாஸ்ப்ளாய்டபிள் திரையில் `netstat -ant` கொடுத்து, காளியின் 10.10.10.5 எந்தப் போர்ட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று தேடுங்கள். பாதுகாப்புப் பயிற்சி அந்த வரியிலிருந்து தொடங்குகிறது.