காய்ச்சலும் விறைப்பும்: செரட்டோனினா, என்எம்எஸ்ஸா?

"எஸ்சிட்டலோபிராமும் ரிஸ்பெரிடோனும் எடுக்கிற நோயாளிக்கு நேற்று முதுகுவலிக்கு டிரமடால் போட்டோம். இன்று காய்ச்சல், வியர்வை, குழப்பம். எது என்று எப்படிப் பிரிப்பது?"

முதலில் காலைப் பாருங்கள் டாக்டர். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பாதத்தைச் சட்டென்று மேல்நோக்கித் தள்ளிப் பிடித்தால் அது தானாகத் துடிதுடிக்கிறதா? அந்தக் குளோனஸோடு வியர்வையும் இருந்தால், டிரமடால் போட்ட மறுநாளே வந்திருப்பதால், செரட்டோனின் பக்கம்தான் நான் சாய்வேன். விரிந்த கண்மணி, வயிற்றில் ஓயாத இரைச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் இன்னும் உறுதி. என்எம்எஸ் பெரும்பாலும் நாள்கணக்கில் மெதுவாக ஏறும். கை கால் ஈயக்குழாய் மாதிரி விறைக்கும், ரிஃப்ளெக்ஸ் மந்தமாகும், குளோனஸ் இருக்காது. சிகே ஏறுவதை மட்டும் நம்பாதீர்கள், கடுமையான செரட்டோனினிலும் அது ஏறும்.

பெயர் வைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மூன்று மருந்தையும் இப்போதே நிறுத்தி, சலைன் ஏற்றி, லோராசெபாம் கொடுங்கள், அது இரண்டுக்கும் பொருந்தும். அடங்காவிட்டால் சைப்ரோஹெப்டாடின் 12 மி.கி. வாய் வழியாக. புரோமோகிரிப்டினை அவசரப்பட்டு எடுக்காதீர்கள், செரட்டோனினாக இருந்தால் மோசமாக்கும். கிளர்ச்சிக்கு ஹாலோபெரிடால் வேண்டவே வேண்டாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் பயன்படாது, சூடு தசையிலிருந்து வருகிறது. உடம்பை வெளியிலிருந்து குளிர வையுங்கள். 41 டிகிரியைத் தாண்டினால் ஐசியு, தசைத்தளர்த்தி, குழாய்.