டவுன்லோடு தொடங்கியதும் டிவி ஏன் உறைகிறது?

கேள்வி: பிராட்பேண்ட் இணைப்பு ஒன்றுதான், டிவி பெட்டியும் வைஃபையும் அதில்தான் ஓடுகின்றன. வீட்டில் யாராவது டவுன்லோடு செய்தால் படம் அப்படியே நின்றுவிடுகிறது. அதிக வேகத் திட்டத்துக்கு மாறித்தான் ஆக வேண்டுமா?

மாறுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். எங்கள் வீட்டிலும் இதே தொல்லை இருந்தது. இணைப்பு 25 எம்பிபிஎஸ். எச்டி படத்துக்குப் பெட்டி எடுத்துக்கொள்வது 8. மீதி 17 இருக்கிறதே என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் என் மகன் கணினியில் ஒரு விளையாட்டை இறக்கத் தொடங்கிய அரை நிமிடத்தில் படம் நின்று, வட்டம் சுற்றத் தொடங்கிவிடும்.

மடிக்கணினியை டிவி பக்கத்தில் வைத்து, வைஃபையில் இணைத்து, விண்டோஸின் Command Prompt ஜன்னல்கள் இரண்டில் இவற்றை ஓடவிட்டேன். முதலாவது ரவுட்டரின் முகவரி; உங்கள் ரவுட்டரில் அது வேறாக இருக்கலாம். இரண்டாவது வெளியே இருக்கும் கூகுள் சர்வரின் முகவரி.

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

டவுன்லோடு இல்லாதபோது ரவுட்டர் 3 மில்லி விநாடியிலும் வெளியுலகம் 15 மில்லி விநாடியிலும் பதில் தந்தன. டவுன்லோடு தொடங்கியதும் ரவுட்டரின் எண் அசையவில்லை. வெளி எண் மட்டும் 400-ஐத் தாண்டியது. நடுநடுவே Request timed out என்றும் வந்தது. அப்படியானால் வைஃபையில் குறையில்லை, நெரிசல் வெளியே செல்லும் இணைப்பில்தான். உங்களுக்கு ரவுட்டரின் எண்ணே எகிறினால் கோளாறு வைஃபையில் இருக்கிறது. பெட்டிக்கு ஒரு லேன் கேபிள் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும்.

17 மீதமிருந்தும் ஏன் நெரிசல்? டவுன்லோடுக்குத் ‘தேவையான வேகம்’ என்று ஒன்று கிடையாது. பாக்கெட்டுகள், அதாவது தரவுத் துண்டுகள், தொலையும்வரை அது வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். இணைப்பின் குறுகலான முனையில் ஒரு வரிசை உருவாகி நிரம்பிவிடும். பெட்டிக்கு வர வேண்டிய பாக்கெட்டுகளும் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். போதாததற்கு, விளையாட்டை இறக்கும் செயலிகள் ஒரே நேரத்தில் பல தொடர்புகளைத் திறக்கின்றன. ஆறு தொடர்புகள் என்று வையுங்கள். பெட்டியின் ஒன்றையும் சேர்த்து ஏழு பேர் 25-ஐப் பங்கிட்டால் பெட்டிக்குக் கிடைப்பது சுமார் 3.6. அதற்கு வேண்டியதோ 8.

ஆகவே அந்த வரிசை நம் ரவுட்டருக்குள் உருவாக வேண்டும். அங்கேதான் யாரை முன்னே விடுவது என்று நாம் தீர்மானிக்க முடியும். ரவுட்டர் அமைப்பில் QoS அல்லது SQM என்ற பகுதி இருக்கிறதா பாருங்கள். அதில் இணைப்பின் வேகத்தை உண்மையைவிடச் சற்றுக் குறைத்து எழுத வேண்டும். நான் 25-க்குப் பதில் 22 என்று எழுதினேன். முழு 25 எழுதினால் வரிசை மறுபடி வெளியே போய்விடும், அமைத்தும் பயனிருக்காது. பிறகு பெட்டிக்கு முன்னுரிமை கொடுங்கள். OpenWrt மென்பொருள் ஓடும் ரவுட்டரானால் SQM-இல் cake என்ற வரிசை முறையைத் தேர்ந்து, டவுன்லோடு பக்கத்துக் கூடுதல் விருப்பத்தில் nat dual-dsthost என்று எழுதலாம். தொடர்புகளை எண்ணாமல் கருவிகளை எண்ணிப் பங்கிடும். இரண்டு கருவிகளுக்கு 22 என்றால் ஆளுக்கு 11. பெட்டி தனக்கு வேண்டிய 8-ஐ எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். டவுன்லோடு 14-இல் ஓடும்.

அப்லோடு வேகத்தையும் அதேபோல் குறைத்து எழுதுங்கள். கைபேசி புகைப்படங்களை மேகச் சேமிப்புக்கு அனுப்பும்போதும் படம் நிற்கலாம். பாக்கெட் வந்து சேர்ந்தது என்று பெட்டி அனுப்பும் பதில்கள் அந்தக் கூட்டத்தில் சிக்கித் தாமதமாவதே காரணம்.

ரவுட்டரில் இந்த வசதி இல்லையென்றால், டவுன்லோடு செயலியிலேயே வேகவரம்பு வையுங்கள். இங்கே ஒன்றை மட்டும் கவனியுங்கள்: செயலிகள் பெரும்பாலும் மெகாபைட்டில் கேட்கும். 14 எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு 1.75 மெகாபைட். அங்கே 14 என்றே எழுதினால் அது 112 எம்பிபிஎஸ் ஆகிவிடும். 25 எம்பிபிஎஸ் இணைப்புக்கு அது வரம்பே இல்லை. நான் முதலில் செய்ததும் இதே தவறுதான், ஒரு மாலை முழுவதும் அதில் போயிற்று.

இணைப்பே 10 எம்பிபிஎஸ் என்றால் எப்படிப் பங்கிட்டாலும் டவுன்லோடுக்கு மிஞ்சுவது ஒன்றிரண்டுதான். அப்போது படத்தின் தரத்தைக் குறையுங்கள், அல்லது திட்டத்தை மாற்றுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தேவை வரவில்லை. மாற்றியமைத்த அன்றே, டவுன்லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது அதே சோதனையைத் திரும்பச் செய்தேன். வெளி எண் 30-ஐத் தாண்டவில்லை, படமும் நிற்கவில்லை.