சீட்டு பிடித்தவர் ஓடிவிட்டால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சேலம் சுற்று வட்டாரத்திலிருந்து வந்த சீட்டுக் கடிதங்கள்தான். எல்லாமே பதிவு செய்யாத சீட்டுகள். அதனால் மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பதிவு செய்யாத சீட்டில் சேர்ந்தது எங்கள் தப்பு. புகார் கொடுத்தால் எங்கள் மேலும் கேஸ் வருமா? (குகை வாசகர்)

வராது. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி, பதிவு இல்லாமல் சீட்டு நடத்துவதுதான் குற்றம். நடத்தியவர் பயப்பட வேண்டும், பணம் கட்டிய நீங்கள் பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு வசதியை இழந்துவிட்டீர்கள். பதிவான சீட்டாக இருந்தால் தகராறைச் சீட்டுப் பதிவாளரிடமே கொண்டுபோகலாம். உங்களுக்குக் காவல் நிலையமும் சிவில் கோர்ட்டும்தான் வழி.

ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்குப் போகிறோம். முப்பது பெண்கள் வாரம் 200 ரூபாய் என்று தீபாவளிச் சீட்டு கட்டினோம். தீபாவளிக்கு முந்தின வாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். எங்களிடம் அவர் கையெழுத்துப் போட்ட அட்டை மட்டும்தான் இருக்கிறது.

"அட்டை மட்டும்தான்" என்கிறீர்களே, அதுதான் உங்கள் ஆதாரம். ஐம்பது வாரம், அவரே தேதி போட்டுக் கையெழுத்து வைத்த அட்டை கோர்ட்டில் நிற்கும். முதல் வேலையாக முப்பது அட்டைகளையும் இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுங்கள். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். போலீஸ் கேட்டால் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

ஆளுக்கு 10,000 என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று நினைத்துத் தனித்தனியாகப் போகாதீர்கள். முப்பது பேருக்கு மொத்தம் 3 லட்சம் வருகிறது. ஒரே புகார் மனு எழுதி, பின்னால் பெயர், கட்டிய வாரம், தொகை என்று ஒரு பட்டியல் சேர்த்து, எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஏற்காடு காவல் நிலையத்தில் கொடுங்கள். சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். வாங்க மறுத்தால் அதே மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு மனுப் போடலாம்.

வக்கீல் செலவை நினைத்துக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. சேலம் கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

இருபது பேர், மாதம் 5,000, ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு. பன்னிரண்டாவது மாத வசூலை வாங்கிக்கொண்டு, ஏலம் எடுத்தவருக்குக் கொடுக்காமல் போய்விட்டார். நான் இன்னும் சீட்டு எடுக்கவில்லை. எனக்கு ஒரு லட்சம் வர என்ன செய்ய வேண்டும்? (அம்மாபேட்டை வாசகர்)

முதலில் கணக்கைச் சரி செய்வோம். உங்களுக்கு வரவேண்டியது ஒரு லட்சம் இல்லை. கட்டியது மட்டும்தான், அதிலும் கசர் போக. முதல் மாதம் 5,000, அப்புறம் கசர் கழித்து மாதம் ஏறத்தாழ 4,000 என்று எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டு மாதத்துக்கு 49,000 ஆகிறது. புகாரில் ஒரு லட்சம் என்று எழுதினால், எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியிலேயே உங்கள் கணக்கு முழுவதும் பொய் என்று காட்டிவிடுவார்.

இப்போது, உங்களைப் போன்ற பலரும் கேட்கவே கேட்காத கேள்விக்கு வருகிறேன். அந்தப் பணம் இப்போது எங்கே இருக்கிறது? ஓடியவர் பையில் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறீர்கள். பெரும்பகுதி அங்கே இல்லை. உங்கள் தெருவிலேயே இருக்கிறது.

முதல் சீட்டை நடத்தியவரே எடுத்துக்கொண்டார். அடுத்த பத்து மாதம் பத்து பேர் ஏலத்தில் எடுத்தார்கள். அந்தப் பத்து பேரும் மீதி எட்டு மாதம் கட்டியாக வேண்டும். மாதம் 5,000 வீதம் ஆளுக்கு 40,000, பத்து பேருக்கு 4 லட்சம். பணம் கைக்கு வராதவர்கள், பன்னிரண்டாவது ஏலம் எடுத்து ஏமாந்தவரையும் சேர்த்து, ஒன்பது பேர். ஆளுக்கு 49,000 என்றால் உங்கள் மொத்த நஷ்டம் சுமார் 4.4 லட்சம். பத்து பேரும் ஒழுங்காகக் கட்டினால் ஆளுக்கு 44,000 போல வந்துவிடும். ஓடியவரைப் பிடிக்காமலேயே உங்கள் நஷ்டம் ஐயாயிரத்துக்குள் அடங்கும்.

ஆனால் நடப்பது என்ன? நடத்தியவர் தலைமறைவான மறுநாளே, எடுத்தவர்கள் "சீட்டு பிடிச்சவரே போயிட்டாரு, நாங்க யாருக்குக் கட்டறது?" என்று நிறுத்திவிடுகிறார்கள். எனக்குத் தாங்க முடியாத இடம் இதுதான். மகள் கல்யாணத்துக்கும் தறி வாங்கவும் அவர்கள் எடுத்தது பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய பணம். எடுக்காதவர்களோடு சேர்ந்து போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று தாங்களும் ஏமாந்துவிட்டதாகப் புகார் கொடுக்கிறார்கள். உண்மையில் அவர்கள் கடன்காரர்கள். ஓடியவரை விட இவர்களால்தான் அதிகக் குடும்பங்கள் பணத்தை இழக்கின்றன என்று அடித்துச் சொல்வேன்.

செய்ய வேண்டியதை ஒரு வாரத்துக்குள் செய்யுங்கள், ஆறினால் யாரும் வர மாட்டார்கள். பத்தொன்பது பேரையும் ஒரே இடத்தில் உட்கார வையுங்கள். எல்லோருடைய சீட்டு நோட்டையும் மேஜையில் வைத்து, யார் எத்தனை மாதம் கட்டினார், யார் எந்த மாதம் எவ்வளவு தள்ளி எடுத்தார் என்று ஒரே தாளில் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் போடுங்கள். எடுத்த பத்து பேர் மாதம் 5,000 கட்டுவது, அந்த 50,000-ஐ ஒன்பது பேருக்கும் சமமாகப் பிரிப்பது, அவ்வளவுதான். பணம் மூன்று பேர் சேர்ந்து தொடங்கிய வங்கிக் கணக்குக்குப் போகட்டும். ஏலம், கசர், கமிஷன் எதுவும் கூடாது. "சீட்டைத் தொடர்கிறோம்" என்று எழுதாதீர்கள், இன்னொரு பதிவில்லாச் சீட்டு ஆகிவிடும். கடனைத் திருப்பித் தருவதற்கான ஒப்பந்தம் என்று எழுதுங்கள்.

எடுத்தவர்களுக்கு ஒரு நியாயமான பயம் உண்டு. எடுக்கும்போது அவர்கள் எழுதிக்கொடுத்த புரோநோட்டும் தொகை எழுதாத செக்கும் ஓடியவரிடம் இருக்கின்றன. அவர் அதை வேறு யாருக்காவது கொடுத்து வசூலிக்கப் பார்க்கலாம். அதனால் செக் எண்களைக் குறிப்பிட்டு, இவை இன்ன சீட்டுக்கு ஜாமீனாகக் கொடுத்தவை, வேறு கடன் எதுவும் இல்லை என்று அவருடைய கடைசி விலாசத்துக்கு இப்போதே பதிவுத் தபால் அனுப்பச் சொல்லுங்கள். போலீஸ் புகாரிலும் அதே எண்கள் இருக்கட்டும். பின்னால் வழக்கு வந்தால் இந்தக் கடிதமும் உங்கள் ஒப்பந்தமும்தான் அவர்களைக் காப்பாற்றும். "அவர் சம்சாரத்திடம் கட்டிவிட்டேன்" என்பது காப்பாற்றாது.

ஒத்துவராதவர் மேல் நீங்கள் நேராக வழக்குப் போடுவது கஷ்டம். சட்டப்படி அவர் கடன்பட்டது நடத்தியவரிடம், உங்களிடம் இல்லை. ஆனால் நடத்தியவர் மேல் போடும் சிவில் வழக்கில், அவருக்கு வரவேண்டிய கடன்களை ஜப்தி செய்யக் கேட்கலாம். மேஜையில் வைத்து எழுதிய அந்தத் தாள் இருந்தால்தான் இது நடக்கும்.

கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஓடிப்போன சீட்டுக்காரர் போவதற்கு முன் 3 லட்சத்துக்கு செக் கொடுத்தார். பணமில்லை என்று திரும்பி ஐந்து மாதம் ஆகிறது. செக் கேஸ் போட்டால் ஜெயிலா? (கொண்டலாம்பட்டி வாசகர்)

ஐந்து மாதம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? செக் திரும்பியதாக வங்கி சொன்ன நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் போட வேண்டும். செக்கின் ஆயுளே மூன்று மாதம் என்பதால் மறுபடி வங்கியில் போட்டும் பார்க்க முடியாது. செக் கேஸ் கதவு மூடிவிட்டது.

சிவில் வழக்கு பாக்கி இருக்கிறது. செக் கையில் இருப்பதால் சுருக்க முறை வழக்காகப் போடலாம். அதில் எதிரி கோர்ட்டின் அனுமதி பெற்றுத்தான் வாதாட முடியும். கோர்ட் கட்டணம் 3 சதவீதம், உங்களுக்கு 9,000 போல வரும். கெடு மூன்று வருடம். அதையும் கோட்டை விட்டுவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

வீட்டை மனைவி பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிவைத்துவிட்டார். இப்போது மஞ்சள் நோட்டீஸும் வந்திருக்கிறது. எல்லாம் போய்விட்டதா? (சூரமங்கலம் வாசகர்)

போகவில்லை. ஆனால் நோட்டீஸை மடித்து அலமாரியில் வைத்தால் போய்விடும். அவர் தன்னைத் திவாலானவர் என்று அறிவிக்கக் கேட்டிருக்கிறார், கோர்ட் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. குறிப்பிட்ட தேதியில் வக்கீல் மூலம் ஆஜராகி ஆட்சேபம் தெரிவியுங்கள்.

பதிவுத்துறை இணையதளத்தில் அந்த வீட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். செட்டில்மெண்ட் எந்தத் தேதியில் பதிவானது என்பதுதான் முக்கியம். பணம் வாங்காமல் மனைவிக்கு எழுதிய பத்திரம், எழுதி இரண்டு வருடத்துக்குள் போட்ட திவால் மனுவின் பேரில் அவர் திவாலானவர் என்று தீர்ப்பானால் ரத்தாகக்கூடியது. திவால் இல்லாமலும், கடன் கொடுத்தவர்களை ஏமாற்ற எழுதியது என்று தனி வழக்குப் போடலாம். மனைவி அதை வெளியாளுக்கு விற்றுவிட்டால்தான் சிக்கல். அதனால் தீர்ப்புக்கு முந்தைய ஜப்திக்கு மனுப் போடுங்கள். "விற்றுவிடுவார் என்று பயப்படுகிறேன்" என்றால் கோர்ட் கேட்காது. வில்லங்கச் சான்று, விலை பேசியதற்கான சாட்சி என்று ஏதாவது கையில் வேண்டும்.

இன்னொன்று. மோசடியால் உண்டான கடன் திவால் மனுவால் கரைந்துபோகாது. போலீஸ் வழக்கும் தனியாக நடக்கும்.

ஸ்டேஷனில் "இது கொடுக்கல் வாங்கல், சிவில் மேட்டர்" என்கிறார்கள். (ஓமலூர் வாசகர்)

உங்கள் மனுவைப் படித்தேன். "பணம் தர மறுக்கிறார்" என்று மட்டும் எழுதினால் அப்படித்தான் சொல்வார்கள். எந்தத் தேதியில் யார் யாரிடம் வசூலித்தார், அன்று ஏலம் எடுத்தவர் யார், அவருக்குக் கொடுக்காமல் எந்தத் தேதியில் வீட்டைக் காலி செய்தார் என்று எழுதுங்கள். ஒரு வேலைக்காக ஒப்படைத்த பணத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டது நம்பிக்கை மோசடி. ஆட்கள் அதிகம், தொகை பெரிது என்றால் சேலத்திலுள்ள பொருளாதாரக் குற்றப்பிரிவிலும் மனுக் கொடுங்கள். 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் சீட்டுக்குப் பொருந்தும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டால் சொத்தை முடக்கி, விற்று, பங்கு பிரித்துக் கொடுக்க வழி உண்டு. வருடக்கணக்கில் ஆகும். சிவில் வழக்கின் மூன்று வருடக் கெடு அதுவரை உங்களுக்காக நிற்காது.

அவருடைய பைக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். வைத்துக்கொள்ளலாமா? (பெயர் இல்லை)

இன்றே ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். இல்லையென்றால் உங்கள் மேல் திருட்டு வழக்கு வரும், அதை வாபஸ் வாங்குவதற்குப் பேரமாக உங்கள் சீட்டுப் பணம் போகும்.

வாட்ஸ்அப்பில் "அடுத்த மாசம் தந்துடறேன்" என்று அனுப்பியிருக்கிறார். செல்லுபடியாகுமா? (அஸ்தம்பட்டி வாசகர்)

ஆகும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்த செல்போனை மாற்றாமல் வைத்திருங்கள். மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும், வக்கீல் தயாரித்துத் தருவார்.